t-பரவல்: திட்ட இயல்நிலை மாறியை கை-வர்க்க மாறியின் மூலத்தால் வகுக்கும்போது நடப்பது என்ன? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புத்தகத்தில் T = Z / √(V/ν) என்று இருக்கிறது. என் தரவில் Z எது, V எது? σ தெரியாமல் இரண்டையும் எப்படிக் கணக்கிடுவது?

இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட முடியாது. அவற்றின் விகிதத்தை மட்டும் கணக்கிட முடியும். t-பரவலின் பயன் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

சராசரி μ, திட்ட விலக்கம் σ கொண்ட இயல்நிலைப் பரவலிலிருந்து, ஒன்றையொன்று சாராத n மதிப்புகளை எடுத்திருப்பதாகக் கொள்வோம். மாதிரிச் சராசரி x̄, (n−1) ஆல் வகுத்துப் பெறும் மாதிரிப் பரவற்படி s² எனில்,

Z = (x̄ − μ) / (σ/√n)

V = (n−1)s² / σ²

என்பவை முறையே திட்ட இயல்நிலைப் பரவலையும், ν = n−1 கட்டின்மைக் கூறுகள் கொண்ட கை-வர்க்கப் பரவலையும் பின்பற்றும். இவ்விரண்டிலும் நமக்குத் தெரியாத σ இருக்கிறது. ஆனால் V ஐ ν ஆல் வகுத்தால் s²/σ² கிடைக்கும். அதன் வர்க்கமூலம் s/σ. Z ஐ இதனால் வகுக்கும்போது மேலிருக்கும் σ, கீழிருக்கும் σ இரண்டும் அடிபட்டுப் போய், T = (x̄ − μ)/(s/√n) மட்டும் எஞ்சுகிறது. T இன் மதிப்பிலும் σ இல்லை, T இன் பரவலிலும் σ இல்லை. இதனால்தான் ஒரே அட்டவணையை மில்லிமீட்டரில் அளந்தவரும் மணிக்கணக்கில் அளந்தவரும் பயன்படுத்த முடிகிறது.

உண்மையான எண்களைப் போட்டு ஒரு முறை காட்ட முடியுமா?

வில்லியம் சீலி காசெட் 1908 இல் பயோமெட்ரிகா இதழில் "ஸ்டூடன்ட்" என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரையில் கையாண்ட தரவையே எடுத்துக்கொள்வோம். அவர் டப்ளினில் கின்னஸ் மதுவடிப்பாலையில் பணியாற்றியவர். நான்கைந்து அளவீடுகளை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டிய நெருக்கடி அவருக்குத் தொழிலிலேயே இருந்தது. குஷ்னி, பீபிள்ஸ் இருவரும் 1905 இல் வெளியிட்ட தூக்க மருந்து ஆய்வில் பத்து நோயாளிகளுக்கு இரண்டு மருந்துகள் தரப்பட்டன. ஒவ்வொருவருக்கும் இரண்டாம் மருந்து முதல் மருந்தைவிட எத்தனை மணி நேரம் கூடுதலான தூக்கம் தந்தது என்ற வித்தியாசங்கள் இவை:

1.2, 2.4, 1.3, 1.3, 0.0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4

சராசரி 1.58. சராசரியிலிருந்து விலகல்களின் வர்க்கக் கூடுதல் 13.616. அதை 9 ஆல் வகுத்தால் s² = 1.513, s = 1.230. திட்டப்பிழை 1.230/√10 = 0.389. இரு மருந்துகளுக்கும் வேறுபாடு இல்லை, அதாவது μ = 0 என்று கொண்டால், T = 1.58/0.389 = 4.06.

ஒன்பது கட்டின்மைக் கூறுகள் கொண்ட t-பரவலில் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய மதிப்பு, இரு பக்கமும் சேர்த்து, வருவதற்கான நிகழ்தகவு 0.0028. s ஐயே உண்மையான σ என்று எண்ணிக்கொண்டு இயல்நிலை அட்டவணையைப் பார்த்திருந்தால் ஏறத்தாழ 0.00005 என்று வந்திருக்கும். முடிவு இரண்டிலும் ஒரே திசையில்தான் இருக்கிறது. ஆனால் சான்றின் வலிமையை ஐம்பது மடங்குக்கும் மேலாக மிகைப்படுத்தியிருப்போம்.

பழைய கட்டுரையை நேரில் பார்ப்பவர்கள் அங்கே 4.06 ஐக் காண மாட்டார்கள். காசெட் வர்க்கக் கூடுதலை n ஆல் வகுத்தார். திட்ட விலக்கம் 1.17 என்று வந்தது. சராசரியை அதனால் வகுத்து 1.35 என்ற விகிதத்தைப் பெற்றார். அதை √(n−1), அதாவது 3 ஆல் பெருக்கினால் இன்றைய t கிடைக்கும். அந்த வடிவத்துக்கு மாற்றி, கட்டின்மைக் கூறுகளைக் கொண்டு அட்டவணையை ஒழுங்குபடுத்தியதில் ஃபிஷருக்குப் பெரும் பங்கு உண்டு.

V ஐ ஏன் ν ஆல் வகுக்க வேண்டும்? நேரடியாக Z/√V என்று வைத்தால் என்ன?

V இன் சராசரி ν. ஆகவே V/ν இன் சராசரி 1. அதன் திட்ட விலக்கம் √(2/ν). ν கூடக் கூட அது 1 ஐ ஒட்டிக் குவிந்துவிடும், T யும் Z ஆகவே மாறிவிடும். வகுக்காவிட்டால் கணிதப் பிழை ஒன்றும் நேராது. ν கூடக் கூடச் சுருங்கிக்கொண்டே போகும் ஒரு மாறி கிடைக்கும், அவ்வளவுதான்.

t-பரவலின் வால்கள் தடித்திருப்பதற்குக் காரணம் என்ன? இயல்நிலையை வேறு ஒன்றால் வகுத்ததற்கே இவ்வளவு மாற்றமா?

வகுக்கும் எண் மாறிலியாக இருந்தால் மாற்றமே இராது. இயல்நிலை இயல்நிலையாகவே இருக்கும். அது சமவாய்ப்பு மாறியாக இருப்பதும், சில வேளைகளில் மிகச் சிறியதாகிவிடுவதுமே காரணம்.

V = v என்று ஒரு குறிப்பிட்ட மதிப்பில் நிறுத்திப் பார்த்தால், T என்பது சராசரி 0, பரவற்படி ν/v கொண்ட இயல்நிலை மாறி. ஆகவே t-பரவல் என்பது, அகலம் வெவ்வேறான எண்ணற்ற இயல்நிலை வளைவுகளை, அந்த அகலம் வருவதற்கான வாய்ப்பின்படி கலந்து பெற்ற கலவை. ν = 9 ஆக இருக்கும்போது V/ν இருபதில் ஒரு முறை 0.37 க்கும் கீழே இறங்குகிறது. அப்போது s என்பது உண்மையான σ வில் ஏறத்தாழ 0.61 பங்குக்கும் குறைவு, விகிதம் 1.6 மடங்குக்கு மேல் பெரிதாகிவிடுகிறது. மறுபக்கம், இருபதில் ஒரு முறை V/ν 1.88 ஐத் தாண்டுகிறது. அப்போது விகிதம் 0.73 பங்குக்குச் சுருங்குகிறது. சுருங்கியவை நடுவில் வந்து குவிகின்றன, விரிந்தவை வால்களுக்குப் போகின்றன. ν = 2 எனில் அதே இருபதில் ஒரு வாய்ப்பில் விகிதம் 4.4 மடங்குக்கும் மேல் பெரிதாகும். இத்தனை சிறிய மாதிரியில் s ஐ நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இந்த ஓர் எண் போதும்.

இந்தக் கலவையை அப்படியே தொகையீடாக எழுதினால் அடர்த்திச் சார்பு கிடைத்துவிடும். நிலைநிறுத்திய v க்கான இயல்நிலை அடர்த்தியை V இன் அடர்த்தியால் பெருக்கினால், v ஐச் சார்ந்த பகுதி

v^((ν+1)/2 − 1) · exp( −(v/2)(1 + t²/ν) )

என்று திரள்கிறது. இதன் முன்னே நிற்கும் மாறிலி 1 / ( √(2πν) · 2^(ν/2) · Γ(ν/2) ). v ஐ 0 இலிருந்து முடிவிலி வரை தொகையிடுவது காமா சார்பின் வரையறையேதான். அதன் மதிப்பு Γ((ν+1)/2) · (2/(1 + t²/ν))^((ν+1)/2). 2 இன் அடுக்குகளைச் சேர்த்துச் சுருக்கினால்,

f(t) = Γ((ν+1)/2) / ( √(νπ) · Γ(ν/2) ) · (1 + t²/ν)^(−(ν+1)/2)

இயல்நிலையின் வால் அடுக்குக்குறிச் சார்பாக விரைந்து வீழ்கிறது. இதுவோ |t| இன் (ν+1) ஆம் அடுக்குக்குத் தலைகீழாக, மெதுவாக இறங்குகிறது. மாறிகளின் ஜேகோபியனைக் கொண்டும் இதே முடிவுக்கு வரலாம். பெரும்பாலான பாடநூல்கள் அவ்வழியே செல்கின்றன. என் கருத்தில், விடை ஏன் இந்த வடிவத்தில் இருக்கிறது என்பதைக் கலவை வழியே தெளிவாகக் காட்டுகிறது.

பரவற்படி ν/(ν−2) என்கிறார்கள். ν = 1, 2 ஆக இருந்தால்?

Z, V சார்பற்றவை என்பதால் T² இன் எதிர்பார்த்தல் மதிப்பு, Z² இன் எதிர்பார்த்தலையும் ν/V இன் எதிர்பார்த்தலையும் பெருக்கினால் வருவது. 1/V இன் எதிர்பார்த்தல் 1/(ν−2). இது ν > 2 எனில் மட்டுமே முடிவுள்ளது. ν = 2 எனில் பரவற்படி முடிவிலி. ν = 1 எனில் கோஷிப் பரவல்; அதற்குச் சராசரிகூட இல்லை.

x̄ யும் s உம் ஒரே பத்து எண்களிலிருந்துதானே வருகின்றன? பிறகு எப்படி அவற்றைச் சார்பற்றவை என்கிறீர்கள்?

இந்த ஐயம் மிக நியாயமானது. வரையறையில் "Z உம் V உம் சார்பற்றவை" என்ற சொற்களைக் கண் எளிதில் தாண்டிவிடுகிறது. பொதுவாகப் பார்த்தால் அவை சார்பற்றவை அல்ல. தரவு இயல்நிலையாக இருக்கும்போது மட்டுமே அப்படி அமைகிறது.

இரண்டே மதிப்புகளை வைத்துப் பார்ப்போம். சராசரி (x₁ + x₂)/2; பரவற்படி s² = (x₁ − x₂)²/2. அதாவது சராசரி கூட்டலை மட்டும் சார்ந்தது, s² கழித்தலை மட்டும் சார்ந்தது. கூட்டலுக்கும் கழித்தலுக்கும் இடையிலான இணை மாறுபாடு, x₁ இன் பரவற்படியிலிருந்து x₂ இன் பரவற்படியைக் கழித்தது. இரண்டும் சமம் என்பதால் அது சுழி. கூட்டாக இயல்நிலையாக உள்ள மாறிகளுக்கு இணை மாறுபாடு சுழியானால் சார்பின்மையும் உறுதி. n மதிப்புகளுக்கு ஹெல்மர்ட் உருமாற்றம் இதையே செய்கிறது: செங்குத்து அச்சுகளைச் சுழற்றி, ஓர் அச்சு சராசரியின் திசையில் நிற்குமாறு வைத்தால், மற்ற n−1 அச்சுகளின் வர்க்கக் கூடுதல்தான் (n−1)s². கட்டின்மைக் கூறுகள் n−1 ஆக இருப்பதும் இந்த எண்ணிக்கையால்தான்.

காசெட்டுக்கு இந்த இடத்தில் முழு நிறுவல் கிடைக்கவில்லை. x̄² க்கும் s² க்கும் ஒட்டுறவு இல்லை என்று காட்டி, அதிலிருந்து சார்பின்மையை ஏற்றுக்கொண்டார்; s² இன் பரவலையும் அதன் திருப்புத்திறன்களைப் பொருத்திப் பார்த்து ஊகித்தார். பிறகு 3000 குற்றவாளிகளின் உயரம், இடக்கை நடுவிரல் நீளம் ஆகிய அளவுகளை அட்டைகளில் எழுதிக் கலைத்து, நான்கு நான்காகப் பிரித்த 750 மாதிரிகளைக் கொண்டு தம் வளைவைச் சரிபார்த்தார். ஊகம் சரியாகவே இருந்தது. n பரிமாண வெளியின் வடிவியலைக் கொண்டு ஃபிஷர் அதற்கு முறையான நிறுவலைத் தந்தார்.

தரவு இயல்நிலையாக இல்லாவிட்டால் நடப்பதையும் இதே கண்ணோட்டத்தில் பார்க்கலாம். காத்திருப்பு நேரம் போல வலப்பக்கம் நீண்ட வாலுடைய பரவலில், ஒரு பெரிய மதிப்பு வந்து விழுந்தால் x̄ யும் உயரும், s உம் உயரும். தொகுதி பெரிதாகும் வேளையில் பகுதியும் பெரிதாவதால் T மேல்பக்கம் அடக்கப்படுகிறது. பெரிய மதிப்பு எதுவும் வராத மாதிரியில் x̄ தாழ்ந்திருக்கும், s உம் சிறிதாக இருக்கும். T கீழ்ப்பக்கம் மிகத் தொலைவு போய்விடும். ஆகவே தரவு வலப்பக்கம் சாய்ந்தால் T இடப்பக்கம் சாய்கிறது. சிறிய மாதிரியில் ஒரு பக்கச் சோதனை செய்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

தூக்கத் தரவில் 4.6 மட்டும் தனித்து நிற்கிறது. (4.6 − x̄)/s என்று கணக்கிட்டு t-அட்டவணையில் பார்த்தால் அது புறமதிப்பா என்று தெரிந்துவிடும் அல்லவா?

தெரியாது. பார்ப்பதற்கு t போலவே இருந்தாலும் அந்த விகிதம் t-பரவலைப் பின்பற்றுவதில்லை, ஏனெனில் தொகுதியில் உள்ள விலகலே பகுதிக்குள்ளும் இருக்கிறது. 4.6 இன் விலகல் 3.02, அதன் வர்க்கம் 9.12. மொத்த வர்க்கக் கூடுதலான 13.616 இல் மூன்றில் இரண்டு பங்கு இந்த ஒரே மதிப்பின் கொடை. அது எவ்வளவு விலகி நிற்கிறதோ அவ்வளவுக்குத் தன் அளவுகோலையும் தானே நீட்டிக்கொள்கிறது.

இதற்கு ஓர் உறுதியான எல்லையும் உண்டு: (xᵢ − x̄)/s இன் அளவு (n−1)/√n ஐ ஒருபோதும் தாண்டாது. n = 10 எனில் 2.846. நம் மதிப்பு 3.02/1.230 = 2.46. பத்து பேரில் மிகப் பெரியவரைத் தேர்ந்தெடுத்துச் சோதிக்கிறோம் என்பதால் 0.05 ஐப் பத்தால் வகுத்து 0.005 நிலையில் பார்க்க வேண்டும். ஒன்பது கட்டின்மைக் கூறுகளுக்கு அந்த நிலையின் எல்லை 3.69. அந்த நோயாளி ஆயிரம் மணி நேரம் தூங்கியிருந்தாலும் இந்தச் சோதனை அவரைப் பிடித்திருக்காது.

சரியான வழி, அவரை விலக்கிவிட்டு மற்ற ஒன்பது பேரைக் கொண்டு s ஐக் கணக்கிடுவது. அவர்களின் சராசரி 1.244, s = 0.660. 4.6 க்கும் 1.244 க்கும் உள்ள வேறுபாட்டை 0.660 × √(1 + 1/9) ஆல் வகுத்தால் 4.83. இப்போது தொகுதியும் பகுதியும் உண்மையிலேயே சார்பற்றவை. எட்டுக் கட்டின்மைக் கூறுகள் கொண்ட t-பரவல் இதற்குப் பொருந்தும். 0.005 நிலையின் எல்லை 3.83 என்பதால் 4.6 இயல்புக்கு மாறானதுதான்.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. அந்த நோயாளியை நீக்கினால் மருந்துகளின் வேறுபாடு 1.58 இலிருந்து 1.24 ஆகக் குறைகிறது. ஆனால் T 4.06 இலிருந்து 5.66 ஆக உயர்கிறது. இரண்டாம் மருந்துக்கு மிகச் சாதகமான மதிப்பே அதற்கான சான்றைப் பலவீனப்படுத்திக்கொண்டிருந்தது. இதைக் கண்டு அவரை நீக்கிவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். நீக்கத் தரவுக்கு வெளியே ஒரு காரணம் வேண்டும். ஆனால் s ஐ ஒரே மதிப்பு ஆள்கிறது என்றால், V ஐக் கை-வர்க்க மாறி என்று எண்ணுவதே ஐயத்துக்குரியது என்பதை அறிக்கையில் எழுதியாக வேண்டும்.

இரண்டு தனித்தனிக் குழுக்களை ஒப்பிடும்போது கட்டின்மைக் கூறுகள் 17.776 என்று பின்னமாக வருகிறது. இது எப்படி?

அந்த எண், தூக்கத் தரவை இணைகளாகக் கொள்ளாமல் பத்துப் பத்துப் பேர் கொண்ட இரண்டு தனிக் குழுக்கள் என்று தவறாக எடுத்து வெல்ச் சோதனை செய்தால் வருவது; அப்போது T 1.86 க்கு இறங்கி, நிகழ்தகவு 0.079 ஆகிவிடும். பின்னம் வருவதற்குக் காரணம், பகுதியில் இருப்பது கை-வர்க்க மாறியே அல்ல என்பதுதான். s₁²/n₁ + s₂²/n₂ என்பது இரண்டு கை-வர்க்க மாறிகளை வெவ்வேறு எடைகளால் பெருக்கிக் கூட்டியது. எடைகள் சமமாக இல்லாவிட்டால் அந்தக் கூடுதல் கை-வர்க்கப் பரவலைப் பின்பற்றாது. அதற்கு நெருக்கமான ஒரு கை-வர்க்க மாறியை, சராசரியும் பரவற்படியும் பொருந்துமாறு தேடும்போது கிடைக்கும் ν முழு எண்ணாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. f(t) இன் சூத்திரத்தில் ν எந்த மிகை எண்ணாகவும் இருக்கலாம் என்பதால் கணக்கு தடையின்றி நடக்கிறது. ஆனால் விடை தோராயமானது.

கணினியில் Z, V இரண்டையும் உருவாக்கிச் சரிபார்க்க விரும்புகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

R மொழியில் இவ்வளவு போதும்:

```r
nu <- 9
z <- rnorm(1e6)
v <- rchisq(1e6, df = nu)
x <- z / sqrt(v / nu)
mean(abs(x) > 1.96)
mean(abs(x) > 2.262)
var(x)
```

முதல் விடை 0.082 ஐயும், இரண்டாவது 0.05 ஐயும், மூன்றாவது 9/7 = 1.286 ஐயும் ஒட்டி வர வேண்டும். பரவற்படி 0.143 அளவில் வந்தால் nu ஆல் வகுக்க மறந்திருக்கிறீர்கள். 2.31 அளவில் வந்தால் sqrt விடுபட்டிருக்கிறது. கண்டுபிடிக்கக் கடினமான தவறு rchisq(1, df = nu) என்று எழுதுவது: R அந்த ஒரே மதிப்பைப் பத்து லட்சம் முறையும் பயன்படுத்திக்கொள்ளும், பிழைச் செய்தி எதுவும் வராது, வரைபடமும் அழகாக மணி வடிவில் இருக்கும். ஆனால் அது வெறும் இயல்நிலை. நிரலை மீண்டும் மீண்டும் ஓட்டும்போது var(x) ஒவ்வொரு முறையும் வெகுவாக மாறுவதைக் கொண்டு அதை அடையாளம் காணலாம்.

n முப்பதைத் தாண்டினால் இயல்நிலை அட்டவணையே போதும் என்கிறார்களே?

எந்த வாலைப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ν = 30 எனில் 5 விழுக்காட்டு எல்லை 2.042; இயல்நிலையில் 1.960. பல வேலைகளுக்கு இந்த வேறுபாடு பொருட்டல்ல. ஆனால் 0.001 நிலையில் 3.646 க்கு எதிராக 3.291; பல சோதனைகளை ஒரே சமயத்தில் செய்து மிகச் சிறிய நிகழ்தகவுகளைத் தேடும் ஆய்வுகளில் இந்த இடைவெளி முடிவையே மாற்றிவிடும். அச்சிட்ட அட்டவணையில் இடம் போதாத காலத்தில் அந்த விதிக்கு ஒரு வசதி இருந்தது. R இல் pt() என்று தட்டினால் விடை வரும்போது அதைப் பின்பற்றக் காரணம் எதுவும் இல்லை.